நகரத்தில் நாள் முழுக்க ஓடும் வாடகைக் காருக்கு டயர் பராமரிப்பு அட்டவணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் சென்னையில் ஆப் மூலம் சவாரி எடுக்கும் ஒரு சிறிய செடான் காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அது முன்சக்கர இழுவை கொண்டது. அதன் டயர் 165/80 ஆர்14 அளவு, டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் உண்டு. நாளொன்றுக்கு 220 கிலோமீட்டர் வீதம் மாதத்துக்கு 26 நாள் ஓடுகிறது.

வண்டியோடு வந்த புத்தகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று போட்டிருக்கிறது. நான் எதைக் கணக்கில் வைத்துக்கொள்வது?

கிலோமீட்டரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 5,720 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 45 வேலை நாட்களில் வந்துவிடும். ஆறு மாதம் காத்திருந்தால் 34,000 கிலோமீட்டரைத் தாண்டியிருப்பீர்கள், அதற்குள் முன் டயர்களின் கதை முடிந்திருக்கும். அந்த ஆறு மாதக் கெடு, வாரத்துக்கு இருமுறை கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் சொந்தக் காருக்காக எழுதப்பட்டது.

கிலோமீட்டரைச் சவாரி ஆப்பிலிருந்து எடுக்கக் கூடாது. பயணியை ஏற்றிய இடத்திலிருந்து இறக்கிய இடம் வரையிலான தூரம்தான் பெரும்பாலும் அங்கே கணக்காகும். அடுத்த சவாரியைத் தேடிக் காலியாக ஓடியதும், கேஸ் பங்க்குக்குப் போய்வந்ததும், இரவில் வீடு திரும்பியதும் டயரில் தேய்ந்திருக்கும், ஆப்பில் இருக்காது. ஆகவே ஓடோமீட்டரைப் பார்த்து எழுதுவதே சரி.

நான் பின்பற்றச் சொல்லும் ஒழுங்கு இதுதான். ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கும் முன் கைவிளக்கோடு நான்கு டயர்களையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 650 கிலோமீட்டருக்கு ஒருமுறை, காற்றை அளக்க வேண்டும். 6,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பட்டன் ஆழத்தை, அதாவது தரையைத் தொடும் ரப்பரில் உள்ள பள்ளக்கோடுகளின் ஆழத்தை, அளந்து டயர்களை இடம் மாற்ற வேண்டும். இரண்டு இடமாற்றத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ 12,000 கிலோமீட்டரில், வீல் அலைன்மென்ட்டையும் பேலன்ஸிங்கையும் பார்க்க வேண்டும். பெரிய பள்ளத்தில் இறங்கிவிட்டால் இந்தக் கணக்கு எதற்கும் காத்திருக்காமல் அன்றே பார்க்க வேண்டும்.

மூன்று நாளைக்கு ஒருமுறை காற்று பார்ப்பது அதிகமில்லையா? நல்ல டயர் மாதம் முழுக்கத் தாங்குமே.

நல்ல டயர் மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பிஎஸ்ஐ மட்டுமே இழக்கும் என்பது உண்மை. நாம் அளப்பது அந்த இயல்பான கசிவுக்காக அன்று, ஆணிக்காக. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று சட்டென இறங்கிவிடாது. ஆணியே துளையை அடைத்துக்கொண்டு நிற்க, நாளுக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ வீதம் காற்று போகும். ஓட்டுநருக்கு ஸ்டியரிங்கில் எதுவும் தெரியாது. மெட்ரோ பணிக்காகத் தோண்டிய சாலைகளிலும், கட்டடவேலை நடக்கும் தெருக்களிலும் நாள் முழுக்கப் புகுந்து வரும் வண்டிக்கு இது எப்போதாவது நடக்கும் விபத்து என்று சொல்லிவிட முடியாது.

காற்று குறைந்த டயர் நெரிசலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்வரை எதுவும் தெரியாது. அதே டயரோடு மே மாத நண்பகலில் நான்கு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுவரை 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் ஆபத்து. டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிவதால் உள்ளே சூடேறி, ரப்பருக்கும் உள்ளிருக்கும் நூலடுக்குக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகிறது. டயர் வெடித்தது என்று நாம் சொல்லும் பல சம்பவங்கள் சில நாட்கள் முன்பே இப்படி ஆரம்பித்தவைதான்.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கச் சொல்கிறார்கள். பங்க் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போய்ச் சேர்வதற்குள் சூடாகிவிடுகிறதே, என்ன செய்வது?

கையடக்கக் காற்றுமானி ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி. இரவு நின்ற வண்டியில், வெயில் படும் முன், வீட்டு வாசலிலேயே அளந்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பங்க்குக்குப் போனால் போதும்.

எடுத்துக்காட்டாக, ஸ்டிக்கரில் 33 என்று இருக்கிறது, காலையில் இடது முன் டயர் 29 காட்டுகிறது என்று கொள்வோம். குறை நான்கு. பங்க்கை அடையும்போது அதே டயர் சூட்டினால் 31 காட்டும். அங்கே 33 வரை நிரப்பினால் இரண்டு மட்டுமே சேர்ந்திருக்கும், மறுநாள் காலை அளந்தால் 31தான் வரும். எனவே அங்கே காட்டும் 31உடன் காலையில் கண்ட குறையான நான்கைக் கூட்டி 35 வைக்கச் சொல்ல வேண்டும். சுற்றுப்புற வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ ஏறும். ஓடும் டயரின் உட்சூடும் சேரும்போது மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. மதியம் 37 காட்டுகிறதே என்று பயந்து காற்றை இறக்கிவிடுவதுதான் கோடையில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

என் வண்டியைப் பகலில் நானும் இரவில் என் மைத்துனரும் ஓட்டுகிறோம். அது குளிர்வதே இல்லை. எப்படி அளப்பது?

வாரத்தில் ஒருநாளாவது ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வண்டியை மூன்று மணி நேரம் நிழலில் நிறுத்தி, அந்த அளவை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் எண்ணைப் பார்ப்பதைவிட ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும். முன் இரண்டு டயர்களும் ஒரே தூரம் ஓடி ஒரே அளவு சூடாகியிருப்பதால் அவை ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். பின் இரண்டுக்கும் அப்படியே. ஜோடியில் ஒன்று மற்றதைவிட இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் குறைந்திருந்தால், டயர் எவ்வளவு சூடாக இருந்தாலும், அதில் கசிவு இருக்கிறது என்று கொள்ளலாம். வெயில் ஒரே பக்கத்தில் அடித்து நின்ற வண்டியில் மட்டும் இந்த ஒப்பீடு கொஞ்சம் ஏமாற்றும்.

யார் அளப்பது என்பதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருவர் ஓட்டும் வண்டியில் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருவருமே விட்டுவிடுவது வழக்கம். வண்டியைக் கொடுப்பவர் அளந்து எழுதிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் பிற்பாடு பேச்சுக்கு இடமிருக்காது.

டிக்கியில் சிலிண்டர் இருப்பதால் பின் டயருக்குக் கூடுதலாகக் காற்று வைக்கலாமா?

தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி. பொருத்தி வந்த வண்டியானால் ஸ்டிக்கரில் உள்ள எண் அந்தச் சுமையையும் சேர்த்தே தரப்பட்டிருக்கும், மேற்கொண்டு கூட்ட வேண்டாம். வெளியில் பொருத்திய சிலிண்டரானால், ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்று தனி எண் இருக்கிறதா என்று பார்த்து, பின் டயர்களுக்கு எப்போதும் அந்த எண்ணையே வைப்பது நல்லது, ஏனென்றால் அந்தச் சிலிண்டர் எந்நேரமும் இறங்காத பயணியைப் போல அங்கேயே இருக்கிறது.

டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று நிரப்பக் கூடாது. பக்கச்சுவரில் பார்க்க வேண்டியது சுமைக் குறியீடு. இந்த அளவு டயரில் வழக்கமாக இருக்கும் 85 என்ற எண், ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. விலை குறைவாகக் கிடைக்கிறதென்று இதைவிடக் குறைந்த குறியீடு உள்ள டயரை மாட்டினால் சிலிண்டர் இருக்கும் பின்பக்கத்தில்தான் அது முதலில் தோற்கும்.

முன் டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் டயர் செலவு குறையுமா?

நீங்கள் நினைக்கும் விதத்தில் குறையாது. இடமாற்றம் ரப்பரைக் கூட்டித் தருவதில்லை, இருப்பதைப் பங்கிடுகிறது. பயன் வேறிடத்தில் இருக்கிறது, அதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம்.

முன் சக்கரம் வண்டியை இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கின் பெரும்பங்கையும் ஏற்கிறது. நெரிசலில் யூ-டர்ன் எடுக்கும்போதும், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முறுக்கும்போதும் அதன் ஓரங்கள் தரையில் அரைபடுகின்றன. புது டயரின் பட்டன் ஆழம் 7.5 மில்லிமீட்டர் என்றும், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு முன் டயர் 1.6 மில்லிமீட்டரும் பின் டயர் 0.7 மில்லிமீட்டரும் தேய்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். இது கணக்கை விளக்க எடுத்துக்கொண்ட அளவுதான், உங்கள் வண்டியின் உண்மையான எண்ணை நீங்களே இருமுறை அளந்து கண்டுபிடிக்க வேண்டும். டயரை 3 மில்லிமீட்டரில் மாற்றுவதானால், இடமாற்றமே செய்யாத வண்டியின் முன் டயர்கள் 28,000 கிலோமீட்டரில், அதாவது ஐந்து மாதத்தில், முடிந்துவிடும். அப்போது பின் டயர்களில் இன்னும் 5.5 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும். ஒழுங்காக இடம் மாற்றினால் நான்கும் பத்தாயிரத்துக்குச் சராசரி 1.15 மில்லிமீட்டர் வீதம் தேய்ந்து, 39,000 கிலோமீட்டரில், ஏறத்தாழ ஏழாவது மாதத்தில், ஒன்றாக முடியும். நீண்ட ஓட்டத்தில் செலவாகும் மொத்த ரப்பர் இரண்டிலும் ஒன்றே.

அப்படியானால் ஏன் மெனக்கெட வேண்டும்? முன்பக்கத்திலேயே கிடக்கும் டயர் ஓரத்தில் மட்டும் தேய்ந்துபோகிறது. நடுவில் 5 மில்லிமீட்டர் இருக்க, தோள்பட்டை மொட்டையாகிவிட்டால் அந்த 5 மில்லிமீட்டரும் குப்பைக்குத்தான் போகும். 6,000 கிலோமீட்டரில் பின்னால் மாற்றினால், ஓரத் தேய்மானம் ஆழமாகப் பதிவதற்கு முன்பே டயர் நேராக உருளும் இடத்துக்குப் போய்விடுகிறது. லாபம் அதில்தான். மேலும் 6,000 கிலோமீட்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் அரை மில்லிமீட்டர் அளவே வித்தியாசம் இருக்கும். 20,000 வரை விட்டுவிட்டு மாற்றினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அதிகம் தேய்ந்த டயர்களைப் பின்னால் போட வேண்டி வரும், மழைக்காலத்தில் அது வேண்டாத வேலை.

மாற்றும் முறை எளிது. முன் டயர்களை அதே பக்கத்தில் நேராகப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும், பின் டயர்களைக் குறுக்காக, இடதை வலதுக்கும் வலதை இடதுக்குமாக, முன்னால் கொண்டுவர வேண்டும். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி உள்ள டயரானால் குறுக்கே மாற்றக் கூடாது. இடம் மாற்றியதும் முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்டிக்கரில் தனித்தனி அளவு இருந்தால் காற்றைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடிய பின் வீல் நட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

அலைன்மென்ட் கெட்டிருக்கிறதா என்று கடைக்குப் போகாமலே தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஏனென்றால் டயரே எழுதிக்காட்டுகிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம், அதிலும் வண்டிக்கு அடியில் குனிந்தால்தான் தெரியும் உள்ளோரம், தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம்போல் உறுத்தியும் இருந்தால், சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்தோ விலகியோ நிற்கின்றன என்று பொருள். ஆங்காங்கே திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்ஸிங்கையும் சந்தேகிக்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்ஸிங்கில் தொடங்கலாம்.

நகரத்திலேயே ஓடும் வண்டியில் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுப்பது தெரியவே வாய்ப்பில்லை, நேராக 500 மீட்டர் ஓட்டக் கிடைத்தால்தானே தெரியும். ஆகவே கையின் உணர்வைவிட டயரின் உள்ளோரத்தையே நம்புங்கள்.

கடையில் அலைன்மென்ட் செய்யும்போது செய்வதற்கு முன்பும் பின்பும் வந்த அளவுத் தாள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இவ்வகைச் சிறிய கார்களில் திருகிச் சரிசெய்யக்கூடியது பெரும்பாலும் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்பதைக் குறிக்கும் டோ அளவு ஒன்றுதான். கேம்பர், அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் அளவு, சரியில்லை என்று சொல்லி, பாகங்களை அழுத்தி வளைத்துச் சரிசெய்யக் கூடுதல் பணம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கேம்பர் உண்மையிலேயே விலகியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது, அதை மாற்றுவதே சரியான வேலை.

பள்ளத்தில் இறங்கியதில் டயரின் பக்கத்தில் சிறிய வீக்கம் தெரிகிறது. இந்த வாரம் மட்டும் ஓட்டிக்கொள்ளலாமா?

கூடாது. உள்ளே நூலடுக்கு அறுந்து, ரப்பர் மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் வெளியே புடைக்கிறது. இதற்கு எந்தக் கடையிலும் வைத்தியம் கிடையாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போங்கள். ரிம் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பஞ்சருக்குத் திரி வைத்தால் போதுமா, கழற்றி உள்ளிருந்து பேட்ச் போட வேண்டுமா?

சவாரி நடுவில் திரி வைத்துக்கொள்வதில் தவறில்லை, பத்து நிமிடத்தில் வண்டி ஓடும். ஆனால் டயரைக் கழற்றாமல் வைக்கும் திரி உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதைக் காட்டாது. காற்று இறங்கியது தெரியாமல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும். உட்சுவரில் கறுப்புப் பொடியோ வளையம்போன்ற உராய்ந்த தடமோ இருந்தால் பக்கச்சுவர் நசுங்கி அரைபட்டிருக்கிறது, துளை எவ்வளவு சிறியதானாலும் அந்த டயரை ஓட்டக் கூடாது.

பட்டன் பகுதியில் ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்கும் துளையை மட்டுமே ஒட்டலாம். அதற்கு உள்ளிருந்து போடும் காளான் வடிவ பேட்ச், துளையையும் அடைத்து உட்பரப்பையும் மூடுவதால், நாளுக்கு 220 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஏற்றது. தோளிலோ பக்கச்சுவரிலோ ஏறிய ஆணிக்குத் திரி வைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

டயரை எப்போது மாற்றுவது? மொட்டையாகும்வரை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்களே.

சட்டம் கார்களுக்கு வைத்திருக்கும் எல்லை 1.6 மில்லிமீட்டர். பள்ளக்கோடுகளுக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் அந்த அளவில் அமைந்தவை. பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் எஃப்.சி.யில் பிடிபடுவதும் உறுதி, அபராதத்துக்கும் வழி. ஆனால் ஈரச் சாலையில் தண்ணீரை வெளியேற்றும் திறன் 3 மில்லிமீட்டருக்குக் கீழேயே வேகமாகக் குறைந்துவிடுகிறது. சென்னையில் ஓட்டுபவருக்கு அந்த 3தான் எல்லை, அதையும் வடகிழக்குப் பருவமழையை வைத்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் இறுதியில் ஆழத்தை அளந்து பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் இந்த வண்டி 17,000 கிலோமீட்டர் ஓடும், மேலே சொன்ன சராசரிப்படி 2 மில்லிமீட்டர் தேயும். ஆகவே மழை முடியும்போது 3 இருக்க வேண்டுமானால் தொடங்கும்போது 5 இருந்தாக வேண்டும். 4 மில்லிமீட்டரோடு நுழையும் டயர் நவம்பர் நடுவில், மழை உச்சத்தில் இருக்கும் நாட்களில், எல்லையைத் தொட்டுவிடும். அந்த டயரை அப்போது மாற்றப் பணத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், அல்லது செப்டம்பரிலேயே மாற்றிவிடலாம். மாதாந்தரத் தவணை எந்தத் தேதியில் விழுகிறது என்பதைப் பொறுத்து இதை நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியவற்றைப் பின்னால் மாட்ட வேண்டும். இழுப்பது முன்சக்கரம் என்பதால் புதியதை முன்னால் போடுவதே நம் ஊர் வழக்கம். ஆனால் ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்க ஓரளவு வாய்ப்புண்டு. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். நாளெல்லாம் ஓடும் வண்டியில் டயர் பழசாவதற்கு முன் தேய்ந்துவிடும் என்பதால் இது உங்களுக்குப் பெரிய கவலையன்று, ஸ்டெப்னியைத் தவிர. ஐந்தாறு ஆண்டாக டிக்கியிலேயே கிடந்த ஸ்டெப்னியில் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும்.

நைட்ரஜன் நிரப்பினால் அளக்கும் வேலை மிச்சமாகுமா?

ஆகாது. சாதாரணக் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். சுத்த நைட்ரஜனின் இயல்பான கசிவு சற்றே குறைவு, ஆணி ஏறினால் இரண்டும் ஒரே மாதிரி வெளியே போகும். இலவசமாகக் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் நைட்ரஜன் கிடைக்காத இடத்தில் காற்று இறங்கியிருந்தால் சாதாரணக் காற்றையே சேர்க்கத் தயங்க வேண்டாம், இரண்டும் கலப்பதால் எந்தக் கெடுதியும் இல்லை.